ஆண்டறிக்கையில் பணிப்பாளர் செய்தியைத் திருத்தி எழுதுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் இயங்கும் சிறிய தொண்டு நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளைச் சில காலமாகத் திருத்திக் கொடுத்து வருகின்றேன். கணக்கைப் பற்றியோ படங்களைப் பற்றியோ என்னிடம் அதிகம் கேட்பதில்லை. முதற்பக்கத்தில் வரும் பணிப்பாளர் செய்தியைப் பற்றியே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்கு ஒரே உதாரணத்தை வைத்துக்கொண்டு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். உதாரணத்தில் வரும் நிறுவனம் கற்பனையானது. அதன் எண்களும் கணக்கு விளங்குவதற்காக நான் இட்டவையே.

பணிப்பாளர் எழுதித் தந்த செய்தி ஒரு பக்கம் வருகிறது. திருத்தித் தா என்கிறார்கள். எதிலே கைவைப்பது?

சொற்களில் உடனே கைவைக்க வேண்டாம். முதலில் ஒவ்வொரு வசனத்தையும் எடுத்து, நிறுவனத்தின் பெயரை மட்டும் மாற்றினால் இதே வசனத்தை அயலூர் நிறுவனமும் தன் அறிக்கையில் போடலாமா என்று பாருங்கள். போடலாம் என்றால் அந்த வசனம் உங்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நமது உதாரணச் செய்தி இப்படித் தொடங்குகிறது:

"போரின் வடுக்களைச் சுமந்து நிற்கும் வன்னி மண்ணில் எமது நிறுவனம் தன்னலமற்ற சேவையின் மூலம் ஆயிரக்கணக்கான மக்களின் வாழ்வில் ஒளியேற்றி வருகின்றது என்பதைப் பெருமையுடன் அறியத் தருகின்றேன். எனது தலைமையின் கீழ் கடந்த ஆண்டு எமது நிறுவனம் வரலாறு காணாத வளர்ச்சியைக் கண்டுள்ளது. வறிய மாணவர்களுக்குத் துவிச்சக்கரவண்டிகள் வழங்கி வைக்கப்பட்டதன் மூலம் அவர்களது கல்விக் கனவு நனவாக்கப்பட்டுள்ளது. பல்வேறு சவால்களுக்கு மத்தியிலும் நாம் சாதித்துள்ளோம். நன்கொடையாளர்களின் பங்களிப்பும் பாராட்டத்தக்கதாகும்."

இதில் அந்த நிறுவனத்துக்கே உரிய செய்தி ஒன்றுதான்: மாணவர்களுக்குச் சைக்கிள் கொடுத்திருக்கிறார்கள். எத்தனை, யாருக்கு, எங்கே, கொடுத்த பிறகு என்ன நடந்தது என்பது ஒன்றும் இல்லை. ஆகவே பேனாவை வைத்துவிட்டு அலுமாரியைத் திறக்க வேண்டும். சைக்கிள் வாங்கிய பற்றுச்சீட்டு, யார் யார் கையொப்பமிட்டுப் பெற்றார்கள் என்ற பதிவேடு, கள உத்தியோகத்தரின் குறிப்புக் கொப்பி, கணக்காய்வாளர் தந்த அறிக்கை ஆகிய நான்கும் போதும்.

அப்படித் தேடியபோது கிடைத்தவை இவை. சைக்கிள் ஒன்று 48,000 ரூபா வீதம் 64 சைக்கிள்கள் வாங்கப்பட்டிருக்கின்றன. பாடசாலையிலிருந்து ஐந்து கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கும் பிள்ளைகள் என்று இரண்டு பாடசாலைகளின் அதிபர்கள் கொடுத்த பட்டியலில் 110 பெயர்கள் இருந்திருக்கின்றன. நவம்பர் மாதத்தில் கள உத்தியோகத்தர் 64 வீடுகளுக்கும் சென்று, எந்தச் சைக்கிள் ஓடுகிறது, எது ஓடவில்லை என்று கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கொப்பியின் நான்கு பக்கங்களில் இருந்தது, பணிப்பாளர் எழுதிய ஒரு பக்கத்தில் இருந்ததைவிட அதிகம். செய்தியின் திருத்தம் அங்கிருந்துதான் தொடங்கியது.

பணிவாக இருக்க வேண்டும் என்று "அடியேன்", "அணில் போல எம்மாலான சிறு பணி" என்றெல்லாம் சேர்த்தோம். அது போதாதா?

போதாது, சில வேளைகளில் எதிராகவும் வேலை செய்யும். சேதுவுக்கு மண் சுமந்த அணிலைத் தன்னோடு ஒப்பிட்டுச் சொல்பவர் அடுத்த வசனத்திலேயே "வரலாறு காணாத வளர்ச்சி" என்று எழுதினால், வாசிப்பவர் இரண்டையும் நம்பமாட்டார். அணில் உவமை எங்கள் விழா மேடைகளிலே அவ்வளவு தேய்ந்துபோய்விட்டது. அதைக் கேட்டவுடன் அடுத்து ஒரு பெரிய பட்டியல் வரப்போகிறது என்று சபையில் இருப்பவர்களுக்கே தெரியும்.

பணிவு வசனத்தின் எழுவாயிலும் வினையிலும்தான் இருக்கிறது. "கல்விக் கனவை நனவாக்கினோம்" என்ற வசனத்தில் பிள்ளை ஒன்றுமே செய்யவில்லை. எல்லாவற்றையும் நிறுவனமே செய்துவிட்டது. உண்மையில் விடியப்புறம் எழும்பிக் கிரவல் வீதியில் ஆறு கிலோமீற்றர் மிதித்துப் போகிறவள் அந்தப் பிள்ளை. நிறுவனம் செய்தது சைக்கிள் வாங்கிக் கொடுத்தது. எனவே "64 மாணவர்களுக்குச் சைக்கிள் வாங்கினோம், அவர்களில் 49 பேர் இப்போது நாள்தோறும் அதில் பாடசாலைக்குப் போகிறார்கள்" என்று எழுதும்போது, வாங்கியது நிறுவனம், போகிறவர்கள் பிள்ளைகள் என்று வேலை உரியவரிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. "அடியேன்" என்ற சொல் அதன் பிறகு தேவைப்படாது.

செயப்பாட்டு வினையையும் இதே கண்ணால் பாருங்கள். "வழங்கி வைக்கப்பட்டது", "முன்னெடுக்கப்பட்டது", "கையளிக்கப்பட்டது" என்பவை பத்திரிகைச் செய்திகளிலிருந்து எங்கள் கைக்குப் பழகிப்போனவை. அவை அடக்கமாகத் தோன்றினாலும் யார் செய்தார்கள் என்பதை மறைக்கின்றன. நல்லது நடந்த இடத்தில் அது பெரிய குறையில்லை. பிழை நடந்த இடத்தில் "சில தாமதங்கள் ஏற்பட்டன" என்று எழுதுவது ஒளித்து விளையாடுவதாகத்தான் தெரியும்.

"துவிச்சக்கரவண்டி" என்ற சொல்லைக் கணக்கறிக்கையில் விட்டுவிடலாம். செய்தியில் நான் சைக்கிள் என்றே எழுதுவேன். வெளிநாட்டில் இருக்கும் கொடையாளரின் பிள்ளைகளுக்காக இந்தச் செய்தி ஆங்கிலத்துக்கோ பிரெஞ்சுக்கோ போகும் நாளில், "ஒளியேற்றினோம்" என்பதை மொழிபெயர்ப்பவர் திணறுவார். "சைக்கிள் வாங்கினோம்" என்பதில் அவருக்குச் சிக்கலே இல்லை.

"நாம்" என்று எழுதுவதா, "நாங்கள்" என்று எழுதுவதா? பணிப்பாளர் இரண்டையும் கலந்து எழுதியிருக்கிறார்.

இந்தக் கேள்வி சின்னதாகத் தெரிந்தாலும் செய்தியின் தொனி பாதி இதில்தான் இருக்கிறது. கேட்பவரையும் சேர்த்துக்கொள்வது "நாம்". கேட்பவரை விலக்கி நிற்பது "நாங்கள்". பேச்சிலே இந்த வேறுபாட்டை எங்கள் ஊர்க் குழந்தையும் தவறாமல் காப்பாற்றும். உத்தியோகபூர்வ எழுத்திலோ "நாம்" என்பது மிடுக்கான "நாங்கள்" ஆகவே பழகிவிட்டது. அதனால்தான் "பல்வேறு சவால்களுக்கு மத்தியிலும் நாம் சாதித்துள்ளோம்" என்ற வசனத்தில் கொடையாளர் உள்ளே இருக்கிறாரா வெளியே நிற்கிறாரா என்று தெரியாமல் போகிறது.

நான் கைக்கொள்ளும் வழக்கம் ஒன்று உண்டு. பணமும் உழைப்பும் சேர்ந்து கிடைத்த பலனைச் சொல்லும்போது "நாம்" என்று எழுதிக் கொடையாளரை உள்ளே அழைக்கலாம். தவறு, தாமதம், தீர்மானம் ஆகியவற்றைச் சொல்லும்போது "நாங்கள்" என்றே எழுத வேண்டும். "பழுது பார்ப்பதற்கு நாம் பணம் ஒதுக்கவில்லை" என்று எழுதினால், ரொறன்ரோவில் இருந்து காசு அனுப்பியவரையும் அந்தப் பிழையில் கூட்டுச் சேர்த்ததாகிவிடும். "எனது தலைமையின் கீழ்" என்பதற்குச் செய்தியில் இடமே வேண்டியதில்லை. கீழே கையொப்பம் இருக்கிறது.

"3,720 பயனாளிகள்" என்று திட்ட அறிக்கையில் இருக்கிறது. அந்த எண்ணைச் செய்தியில் முன்னுக்குப் போட்டால் நல்லதுதானே?

அந்த எண் எப்படி வந்தது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். இந்த உதாரணத்தில் சைக்கிள் பெற்ற 64 மாணவர்களைக் குடும்பத்துக்கு ஐந்து பேர் என்று பெருக்கி 320 என்று எழுதியிருக்கிறார்கள். மாலை வகுப்புக்கு வந்தவர்கள் 70 மாணவர்கள்; வகுப்பு 40 நாள் நடந்ததால் 2,800 என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். டெங்கு விழிப்புணர்வுக் கூட்டங்களுக்கு வந்தவர்கள் 600. மூன்றையும் கூட்டினால் 3,720.

யாரும் பொய் சொல்லும் நோக்கத்தோடு இதைச் செய்யவில்லை. நிதி தரும் அமைப்புகளின் படிவங்களில் "நேரடிப் பயனாளிகள்", "மறைமுகப் பயனாளிகள்" என்று கட்டங்கள் இருக்கும். அவற்றை நிரப்பி நிரப்பி இந்தக் கணக்கு பழகிவிட்டது. ஆனால் செய்தியை வாசிப்பவர் 3,720 என்றால் 3,720 மனிதர்கள் என்றே விளங்கிக்கொள்வார். அவர் அந்த ஊரையே சேர்ந்தவராக இருந்தால், எங்கள் கிராம அலுவலர் பிரிவில் அத்தனை சனம் இல்லையே என்றும் யோசிப்பார்.

சரியான கணக்கு இது: சைக்கிள் பெற்றவர்கள் 64, மாலை வகுப்புக்கு வந்தவர்கள் 70, இரண்டிலும் இருப்பவர்கள் 18. ஆகவே 116 மாணவர்கள். விழிப்புணர்வுக் கூட்டத்துக்கு வந்த 600 பேரை இதனோடு கூட்டாமல், "கூட்டங்களுக்கு 600 பேர் வரை வந்தார்கள்" என்று தனியாகச் சொல்லலாம். ஒரு மணி நேரம் கூட்டத்தில் இருந்தவரும் ஆண்டு முழுவதும் வகுப்புக்கு வந்த பிள்ளையும் ஒரே எண்ணுக்குள் அடங்கமாட்டார்கள். 3,720ஐ 116 ஆக்கச் சொன்னால் பணிப்பாளர் முகம் வாடும். அதற்கு என்னிடம் இருக்கும் பதில், 116 பேரின் பெயரும் பதிவேட்டில் இருக்கிறது, யார் கேட்டாலும் காட்டலாம் என்பதுதான்.

"பயனாளி" என்ற சொல்லையும் செய்தியிலிருந்து எடுத்துவிடுவேன். மாணவர், தாய், விவசாயி, மீனவர் என்று அவரவருக்குச் சொல் இருக்கிறது.

சரிவராத விசயங்களை எழுதினால் காசு அனுப்புவது நின்றுவிடாதா?

எனக்கும் ஒரு காலத்தில் இந்தப் பயம் இருந்தது. நான் திருத்திக் கொடுத்த முதல் செய்திகளுள் ஒன்றில், கொடுத்த பொருள்கள் யாவும் "முழுமையாகப் பயன்படுத்தப்படுகின்றன" என்று எழுதினேன். நான் போய்ப் பார்க்கவில்லை, சொன்னதை எழுதினேன். வற்றாப்பளைப் பொங்கலுக்கு ஊருக்கு வந்த ஒரு கொடையாளர், தன் சொந்தக்காரர் வீட்டு விறாந்தையில் தானே காசு கொடுத்த தையல் இயந்திரம் துணியால் மூடிக் கிடந்ததைக் கண்டார். இயந்திரம் பழுதுபட்டதற்காக அவர் கோபிக்கவில்லை. "இதை ஏன் எனக்குச் சொல்லவில்லை?" என்றுதான் கேட்டார். எங்கள் கொடையாளர்கள் பெரும்பாலும் இந்த ஊர்களிலிருந்து போனவர்கள்; ஆண்டில் ஒரு முறை வருகிறார்கள், வாராவாரம் தொலைபேசியில் பேசுகிறார்கள். சைக்கிள் விற்கப்பட்ட செய்தி ஆண்டறிக்கைக்கு முன்பே அவர்களுக்குப் போய்விடும்.

எழுதும் முறைதான் முக்கியம். குறை மூன்று பகுதிகளாக வர வேண்டும்: என்ன நடந்தது, அதில் எங்கள் பங்கு என்ன, இனி என்ன மாற்றம். நமது உதாரணத்தில் நவம்பர் மாதப் பார்வையில் 64 சைக்கிள்களில் 49 நாள்தோறும் ஓடின. ஒன்பது, ரியூப் வெடித்தோ செயின் அறுந்தோ வீட்டோடு நின்றன. நான்கை வீட்டுப் பெரியவர்கள் கூலி வேலைக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு விற்கப்பட்டிருந்தன. முதல் வரைவில் ஓர் உத்தியோகத்தர், "சில பெற்றோரின் பொறுப்பின்மை காரணமாக" என்று எழுதியிருந்தார். அந்தச் சொல்லைத்தான் முதலில் வெட்டினேன். வெட்டுக்கூலி வேலை ஏழு மைல் தள்ளி இருக்கும்போது வீட்டில் நிற்கும் ஒரே சைக்கிளைத் தகப்பன் எடுத்துப் போவதைப் பொறுப்பின்மை என்று யாராலும் சொல்ல முடியாது.

நின்ற ஒன்பதுக்குக் காரணம் எங்களிடமே இருந்தது. முள்ளும் கிரவலும் உள்ள பாதையில் ஓடும் சைக்கிளுக்கு ஆண்டுக்கு ஒரு தடவையாவது ரயர் ரியூப் வேலை வரும். திட்டத்தில் அதற்கு ஒரு சதமும் ஒதுக்கப்படவில்லை. சைக்கிளுக்கு 1,500 ரூபா ஒதுக்கினால் 64க்கும் 96,000 ரூபா, அதாவது இரண்டு புதுச் சைக்கிளின் விலை. அடுத்த ஆண்டு அந்தத் தொகையைப் பாடசாலைக்கு அருகே உள்ள சைக்கிள் கடையில் கணக்காக வைப்பது என்று நிறுவனம் தீர்மானித்தது. இதை எழுதிய பிறகு அந்தப் பந்தி குறை சொல்லும் பந்தியாக மட்டும் இல்லாமல், அடுத்த ஆண்டுக்கு எதற்குப் பணம் வேண்டும் என்று விளக்கும் பந்தியாகவும் ஆகிவிட்டது.

எல்லாக் குறைகளையும் செய்தியில் கொட்ட வேண்டியதில்லை. மிகப் பெரியது ஒன்று, பணத்தோடு தொடர்புள்ளது, அது போதும்.

சைக்கிள் கொடுத்த பிறகு பாடசாலை வரவு கூடியது. "எமது திட்டத்தால் வரவு அதிகரித்தது" என்று போடலாமா?

எந்தத் தவணையை எந்தத் தவணையோடு ஒப்பிட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. இங்கே மூன்றாம் தவணை மாரி மழையோடும் பெரும்போக விதைப்போடும் வருகிறது. பாதை வெள்ளத்தில் மூடும், பிள்ளைகள் வயலுக்கும் போவார்கள். மூன்றாம் தவணையின் வரவை அதே ஆண்டின் முதலாம் தவணையோடு ஒப்பிட்டால் சைக்கிள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எண் மாறும். சென்ற ஆண்டின் அதே தவணையோடுதான் ஒப்பிட வேண்டும், அதுவும் சைக்கிள் பெற்ற அதே பிள்ளைகளின் வரவை.

உதாரணத்தில் அப்படிப் பார்த்தபோது, 60 பாடசாலை நாள்களில் சராசரியாக 44 நாள் வந்த பிள்ளைகள் இந்த முறை 52 நாள் வந்திருந்தார்கள். ஆனால் சென்ற ஆண்டு அந்தத் தவணையில் வெள்ளத்தால் பாதை மூடியிருந்த நாள்கள் அதிகம் என்று அதிபரே சொன்னார். ஆகவே எட்டு நாளையும் சைக்கிளுக்கு எழுத முடியாது. நான் எழுதிக் கொடுத்த வசனம்: "இம்மாணவர்கள் சென்ற ஆண்டு இதே தவணையில் சராசரியாக 44 நாளும் இம்முறை 52 நாளும் பாடசாலைக்கு வந்தார்கள். சென்ற ஆண்டு வெள்ளம் கூடுதலாக இருந்தது. இந்த முன்னேற்றத்தில் எவ்வளவு சைக்கிளால் வந்தது என்று எங்களால் உறுதியாகக் கூற முடியாது." இப்படி அடக்கி எழுதியதைக் கொடையாளர்கள் குறைவாக மதித்ததாக நான் காணவில்லை.

ஒரு பிள்ளையின் உண்மைக் கதையைப் போட்டால் மனதைத் தொடும் என்கிறார்கள். பெயரை மாற்றிப் போடலாம்தானே?

பெயரை மாற்றுவது வன்னியில் பல நேரம் ஒன்றையும் மறைக்காது. "தந்தை 2009இல் காணாமல் ஆக்கப்பட்டவர், தாய் தையல் வேலை, மூன்று பெண் பிள்ளைகள், இளையவள் உயர்தர வகுப்பு" என்று எழுதினால் அந்த ஊரில் அப்படிப்பட்ட வீடு ஒன்றுதான் இருக்கும். வெளிநாட்டில் வாசிப்பவரும் அந்த ஊர்க்காரர்தான். தாயின் ஒப்புதலைக் கேட்டீர்களா என்பதோடு, உதவி வேண்டி நிற்கும் நேரத்தில் அவரால் "வேண்டாம்" என்று சொல்ல முடிந்திருக்குமா என்பதையும் யோசிக்க வேண்டும்.

செய்திக்குத் தேவையானது துயரத்தின் விவரமன்று, பயன்பாட்டின் விவரம். "ஒரு மாணவி முன்பு காலை ஐந்தரைக்கு நடக்கத் தொடங்குவாள், இப்போது ஆறரைக்குப் புறப்படுகிறாள்" என்றால் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தது தெரிகிறது, வீடு தெரியவில்லை. கையில் சைக்கிளோடு நிற்கும் பிள்ளையும் பக்கத்தில் பணிப்பாளரும் இருக்கும் படத்தைச் செய்தியின் மேலே போடுவதை நான் விரும்புவதில்லை. சைக்கிள் கடைக்காரர் ரயர் மாற்றும் கையின் படம் இருந்தால் அதையே போடச் சொல்வேன்.

நிர்வாகச் செலவை எப்படிச் சொல்வது? சொல்லாமல் விட்டால் கேட்கமாட்டார்கள் என்று பொருளாளர் சொல்கிறார்.

சொல்லிவிடுங்கள், தொகையோடு, அது எதற்குப் போனது என்ற ஒரு வசனத்தோடு. உதாரண நிறுவனத்தின் மொத்தச் செலவு 60 இலட்சம் ரூபா. நிர்வாகம் 7 இலட்சத்து 20 ஆயிரம், அதாவது நூறு ரூபாவில் 12 ரூபா. இதில் கள உத்தியோகத்தரின் கொடுப்பனவும் மோட்டார் சைக்கிள் பெற்றோலும் கணக்காய்வுக் கட்டணமும் அடக்கம். அந்த உத்தியோகத்தர் 11 நாள் அலைந்து 64 வீடுகளையும் பார்த்திராவிட்டால் நின்றுபோன ஒன்பது சைக்கிள்களைப் பற்றி யாருக்கும் தெரிந்திராது. "ஒரு சதம்கூட நிர்வாகத்துக்குப் போகவில்லை" என்று எழுதும் நிறுவனங்களில் யாரோ சம்பளமின்றி வேலை செய்கிறார்கள், அல்லது அந்தச் செலவு வேறு தலைப்பின் கீழ் ஒளிந்திருக்கிறது. முதலாவதாக இருந்தால் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு அதை எழுதுங்கள்.

"வருமானம் 60 சதவீதம் வளர்ந்தது" என்று பழைய அறிக்கை ஒன்றில் இருக்கிறது. அதைப் பின்பற்றலாமா?

அது 2022ஆம் ஆண்டு அறிக்கையாக இருந்தால் வேண்டாம். அந்த ஆண்டு மார்ச் தொடக்கத்தில் அமெரிக்க டொலர் ஒன்று 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குப் போனது. கொடையாளர் அதே டொலரை அனுப்பினாலும் ரூபாக் கணக்கு தானாக வீங்கும். அதே காலத்தில் கடையில் விலையும் ஏறியது. செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை அண்மித்தது. பணமாகப் பார்த்தால் வளர்ச்சி, சைக்கிளாகப் பார்த்தால் சில வேளை வீழ்ச்சி. ஆண்டுகளை ஒப்பிட வேண்டுமானால் எத்தனை சைக்கிள், எத்தனை வகுப்பு நாள் என்று பொருளின் அளவில் ஒப்பிடுங்கள்.

திருத்திய செய்தியை முழுதாகக் காட்ட முடியுமா?

முடியும். ஒரு பக்கத்துக்குள் அடங்கியது இது:

"அன்புடையீர்,

கடந்த ஆண்டு நீங்கள் அனுப்பிய பணத்தில் 64 மாணவர்களுக்குச் சைக்கிள் வாங்கினோம். அவர்கள் எல்லோரும் பாடசாலையிலிருந்து ஐந்து கிலோமீற்றருக்கு அப்பால் வசிப்பவர்கள். அதிபர்கள் தந்த பட்டியலில் 110 பெயர்கள் இருந்தன. 46 பேருக்கு எங்களால் கொடுக்க முடியவில்லை.

நவம்பரில் எங்கள் கள உத்தியோகத்தர் 64 வீடுகளுக்கும் சென்றார். 49 மாணவர்கள் நாள்தோறும் சைக்கிளில் பாடசாலைக்குப் போகிறார்கள். ஒன்பது சைக்கிள்கள் பழுதாகி நின்றன, நான்கை வீட்டுப் பெரியவர்கள் வேலைக்குக் கொண்டுபோகிறார்கள், இரண்டு விற்கப்பட்டுவிட்டன. பழுது பார்ப்பதற்கு நாங்கள் பணம் ஒதுக்கவில்லை. அது எங்கள் திட்டத்தின் குறை. இவ்வாண்டு சைக்கிள் ஒன்றுக்கு 1,500 ரூபா வீதம் அருகிலுள்ள கடையில் வைக்கிறோம். காத்திருக்கும் 46 பேரில் 20 பேருக்குப் புதிதாக வாங்க எண்ணியுள்ளோம்.

மாலை வகுப்புகள் 40 நாள் நடந்தன. 70 மாணவர்கள் வந்தார்கள், அவர்களில் 18 பேர் சைக்கிள் பெற்றவர்கள். போக்குவரத்துச் செலவை மட்டும் பெற்றுக்கொண்டு ஊர் ஆசிரியர்களே கற்பித்தார்கள். மழை நாள்களில் மண்டபத்தைத் திறந்து விளக்குப் போட்டுத் தந்தவர்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தினர்.

மொத்தச் செலவு 60 இலட்சம் ரூபா. சைக்கிளுக்கு 30 இலட்சத்து 72 ஆயிரமும், வகுப்புகளுக்கும் டெங்கு விழிப்புணர்வுக் கூட்டங்களுக்கும் 22 இலட்சத்து 8 ஆயிரமும், நிர்வாகத்துக்கு 7 இலட்சத்து 20 ஆயிரமும் போயின. கணக்காய்வாளரின் அறிக்கை பின்பக்கங்களில் உள்ளது.

நீங்கள் ஊருக்கு வரும்போது வகுப்பு நடக்கும் மாலையொன்றில் வந்து பாருங்கள்.

பணிப்பாளர்"

பாடசாலை வரவு பற்றிய வசனத்தை இதில் சேர்க்கவில்லை. விளக்கம் நீளும் என்பதால் அதை உள்ளே, திட்ட அறிக்கைக்கு அனுப்பினோம். நன்றி என்ற சொல் எங்கும் வரவில்லை என்பதைச் சிலர் கவனித்துக் கேட்டார்கள். "நீங்கள் அனுப்பிய பணத்தில்" என்று முதல் வரியில் தொடங்கியது அதற்காகத்தான். விரும்பினால் இறுதியில் "நன்றி" என்று ஒரு சொல் சேர்க்கலாம். "பங்களிப்பும் பாராட்டத்தக்கதாகும்" என்று மட்டும் எழுத வேண்டாம். மேடையில் இருந்து மாணவனுக்குப் புள்ளி போடுவது போன்ற தொனி அது.

பணிப்பாளர் இதை ஏற்கவில்லை. "இருபது வருசம் உழைத்திருக்கிறேன், என்னைப் பற்றி ஒரு வரியும் இல்லையே" என்கிறார்.

அவர் சொல்வதில் நியாயம் உண்டு. அந்த உழைப்புக்கு அறிக்கையில் இடம் வேண்டும். நிறுவனத்தின் வரலாறு வரும் பக்கத்தில், வேறொருவர் எழுதியதாக, ஆண்டும் இடமும் குறித்து அதைப் போடுங்கள். தன்னைப் பற்றித் தானே எழுதும்போதுதான் அது பிழையாக ஒலிக்கிறது.

செய்தியைப் பொறுத்தவரை, வாதம் செய்வதைவிட வாசித்துக் காட்டுவது பலன் தரும். இரண்டு வரைவுகளையும் சத்தமாக வாசியுங்கள். முடிந்தால் சைக்கிள் பெற்ற பிள்ளையின் தாயொருவர் இருக்கும் கூட்டத்தில். "வறிய மாணவர்களின் கல்விக் கனவு நனவாக்கப்பட்டது" என்று அவர் முன்னிலையில் வாசிக்கும்போது குரல் எங்கே தயங்குகிறது என்று பணிப்பாளருக்கே விளங்கும். ஒரு பணிப்பாளர் அந்த இடத்தில் நிறுத்தி, "வறிய" என்ற சொல்லைத் தானே பேனாவால் வெட்டினார்.

அச்சுக்குப் போகும் முன் கடைசியாக எதைப் பார்ப்பது?

செய்தியில் வரும் ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் பென்சிலால் அது எடுக்கப்பட்ட ஆவணத்தின் பெயரையும் பக்க எண்ணையும் குறித்து, அந்தத் தாளைக் கோவையில் போட்டு வையுங்கள். 49க்குப் பக்கத்தில் "கள உத்தியோகத்தர் கொப்பி, நவம்பர், பக்கம் 3" என்று இருக்க வேண்டும். செய்தியின் தொகைகளும் கணக்காய்வு அறிக்கையின் தொகைகளும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பொருளாளரை ஒரு முறை கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கணக்காய்வுக்குப் பின் ஒரு தலைப்பில் இருந்த செலவு இன்னொன்றுக்கு மாறியிருப்பது உண்டு. பின்னர் கையொப்பமிடப் போகிறவரிடம் அந்தப் பென்சில் தாளைக் கொடுத்து வாசிக்கச் செய்யுங்கள். தொலைபேசியில் யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.